வேலை இல்லை என்பதை எப்படி எழுதுவது?

கணக்குப் பிரிவு வேலைக்கு ஒரு பெண் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வியூவுக்கு வந்தார், டாலியில் டெஸ்ட்டும் செய்து கொடுத்தார். பத்து நாள் கழித்து அவருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது:

"அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, எங்கள் நிறுவனத்தின் மீது தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு மிக்க நன்றி. தங்கள் தகுதியும் அனுபவமும் எங்களை வெகுவாகக் கவர்ந்தன. திறமையாளர்கள் பலர் விண்ணப்பித்திருந்ததால் தேர்வு மிகக் கடினமாக இருந்தது. தற்சமயம் தங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளோம். தங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பொருத்தமான வாய்ப்பு வரும்போது நிச்சயம் தொடர்புகொள்வோம்."

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வேலை இல்லை என்ற செய்தி எங்கே இருக்கிறது? நான்காவது வாக்கியத்தில், அதுவும் "தற்சமயம்" என்ற சொல்லுக்குப் பின்னால். செல்போன் திரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அதில் நன்றியும் பாராட்டும் இருந்தால், வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துத்தான் அவர் திறப்பார். ஏமாற்றத்தை இரட்டிப்பாக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கடைசி வரி அதைவிட மோசம். "நிச்சயம் தொடர்புகொள்வோம்" என்று எழுதியவர் அந்தக் கோப்பை மறுபடி திறக்கப்போவதில்லை. படித்தவருக்கு அது தெரியாது. அதை நம்பி, கையில் இருக்கும் சின்ன ஆஃபரை இன்னும் ஒரு வாரம் இழுத்தடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றலாம்.

இதே செய்தியை மாற்றி எழுதினால் இப்படி வரும்:

"வணக்கம். கணக்குப் பிரிவு எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு உங்களைத் தேர்வு செய்யவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம். நேரில் வந்து டெஸ்ட்டும் செய்து கொடுத்ததற்கு நன்றி. டாலியில் நீங்கள் போட்ட பதிவுகளில் பிழை இல்லை. ஆனால் சேர்ந்த முதல் மாதமே ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தனியாகத் தாக்கல் செய்யக்கூடியவர் எங்களுக்குத் தேவைப்பட்டது. அந்த அனுபவம் உள்ளவரைத் தேர்ந்தெடுத்தோம். இந்த நிதியாண்டில் கணக்குப் பிரிவில் வேறு ஆள் எடுப்பதாக இல்லை."

கீழே அனுப்புபவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். மேலே "வணக்கம்" என்பதோடு அவருடைய பெயரும் வேண்டும். இன்டர்வியூ வரை வந்தவரை "விண்ணப்பதாரர்" என்று அழைப்பது அழகல்ல.

முடிவு முதலில் வந்துவிட்டது. பாராட்டு ஒன்றே ஒன்றுதான். அதுவும் டெஸ்ட் தாளைப் பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடியது. "வெகுவாகக் கவர்ந்தன" என்பதை யாருக்கும் எழுதலாம், அதனாலேயே யாரும் நம்புவதில்லை.

காரணம் எழுதுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். என் கணக்கில் அளவுகோல் எளிது: அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும், வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்துக்குக் கெடு 11ஆம் தேதி, 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. தவறினால் தாமதக் கட்டணம். கற்றுக்கொடுக்க நேரமில்லை என்பது அங்கே நியாயமான காரணம். அந்தப் பெண்ணும் போய் ரிட்டர்ன் வேலையைப் பழகிக்கொள்ளலாம். "தன்னம்பிக்கை போதவில்லை", "எங்கள் சூழலுக்குப் பொருந்தவில்லை" என்பவை அப்படியல்ல. அவற்றை வைத்துக்கொண்டு அவர் எதையும் செய்ய முடியாது, மனம்தான் புண்படும். திருமணம், குழந்தை, வயது பற்றியோ பேச்சே கூடாது. சொல்லும்படியான காரணம் இல்லையென்றால் முடிவை மட்டும் எழுதி நிறுத்திவிடலாம். தேர்வானவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று விவரிப்பதும் வேண்டாத வேலை.

எல்லோருக்கும் இவ்வளவு எழுத முடியாது. நூற்றுக்கணக்கில் வரும் விண்ணப்பங்களில் முதல் வடிகட்டலிலேயே போனவர்களுக்கு, வேலையின் பெயரைச் சொல்லி "உங்களை அடுத்த கட்டத்துக்குத் தேர்வு செய்யவில்லை" என்று இரண்டு வரி போதும். கடைசிச் சுற்று வரை வந்தவரை முதலில் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் அனுப்புவது முறை.

ஒரு சிக்கல் பாக்கி. தேர்வானவர் வந்து சேராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், இரண்டாவது இடத்தில் இருப்பவருக்குப் பதிலே போடாமல் வைத்திருப்பார்கள். அதற்கும் நேர்வழி உண்டு: "வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம். அவர் மறுத்தால் அடுத்தது நீங்கள். 15ஆம் தேதி முடிவைச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் வேறு வேலை கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துவிடுங்கள்." தேதி குறிக்க முடியாத நிறுவனம் யாரையும் காத்திருக்கச் சொல்லக் கூடாது.