பென்டிரைவில் போகும் அப்டேட்

"நெட்டே இல்லையே சார், இதுக்கு எதுக்கு அப்டேட்?" கிராமத்துக் கணினி மையங்களிலும் பள்ளிக்கூட லேப்களிலும் அப்டேட் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். நியாயமாகத் தோன்றும் கேள்வி. இதற்குப் பதில் 2017 மே மாதத்தில் கிடைத்தது.

அந்த மாதம் 12ஆம் தேதி வானாகிரை என்ற நச்சுநிரல் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. விண்டோஸின் ஃபைல் பகிர்வு வசதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் அது புகுந்தது. அதே அறையில் ஸ்விட்ச், கேபிள் வழியே இணைந்திருந்த மற்ற கணினிகளுக்கும் யாரும் எதையும் கிளிக் செய்யாமலே பரவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது.

வானாகிரையிடம் இன்னொரு குணம் இருந்தது. வேலையைத் தொடங்குமுன் குறிப்பிட்ட ஒரு இணைய முகவரியைத் தொட்டுப் பார்க்கும். பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற ஆய்வாளர் அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்ததும் பரவல் மளமளவென்று குறைந்தது. ஆனால் இணையமே இல்லாத ஒரு லேபில் அந்த முகவரியிலிருந்து பதில் எப்படி வரும்? நோய் பிடித்த லேப்டாப் ஒன்றை யாராவது கொண்டுவந்து அந்த லேப் கேபிளில் செருகியிருந்தால், நெட் இருந்த இடத்தில் நின்றுபோன நிரல் அங்கே நிற்காமல் ஓடியிருக்கும். நெட் இல்லாததைப் பாதுகாப்பு என்று நம்புவது தவறு. அங்கே காப்பாற்றியிருக்கக் கூடியது அந்த மார்ச் மாத அப்டேட் ஒன்றுதான்.

சரி, அதை எப்படிக் கொண்டுபோவது? ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு டெஸ்க்டாப். எல்லாம் விண்டோஸ் 10. பிரிண்டருக்காக ஒரே ஸ்விட்சில் இணைத்திருக்கிறார்கள். வாங்கி வைத்த நாளிலிருந்து ஒரு அப்டேட்டும் போனதில்லை.

முதல் முறை போகும்போது ஒன்றையும் கொண்டுபோக வேண்டாம், ஒரு நோட்டு மட்டும் போதும். ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் சாவியையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் winver என்று தட்டினால் சின்னச் சாளரம் ஒன்று திறக்கும். அதில் Version 22H2, OS Build 19045.2006 என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் System, About பகுதிக்குப் போனால் அது 64 பிட்டா 32 பிட்டா என்பது தெரியும். சி டிரைவில் எவ்வளவு இடம் காலி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 15 ஜிபியாவது இருந்தால் நிம்மதி. எட்டும் ஒன்றாகத்தான் வாங்கியது என்று மையத்தில் சொன்னாலும் எட்டையும் பாருங்கள். நம் மையத்தில் ஆறு கணினிகள் 22H2 காட்டுகின்றன, இரண்டு மட்டும் பழைய 1909 காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அன்று வந்த கடைசிப் பொது அப்டேட்டின் எண் KB5066791. விண்டோஸின் மாதாந்தர அப்டேட்டுகள் திரள் அப்டேட்டுகள். அதாவது, முந்தைய மாதங்களின் திருத்தங்கள் எல்லாம் கடைசி ஃபைலிலேயே இருக்கும். மூன்று வருடம் பின்தங்கிய கணினிக்கு முப்பத்தாறு ஃபைல் தேட வேண்டியதில்லை, 22H2 காட்டும் ஆறுக்கும் இந்த ஒன்றே பெரும்பாலும் போதும்.

நெட் உள்ள கணினியில் catalog.update.microsoft.com என்ற தளத்தைத் திறந்து அந்த எண்ணைத் தேடுங்கள். பல வரிகள் வரும். Cumulative Update for Windows 10 Version 22H2 for x64-based Systems என்ற வரிதான் 64 பிட் கணினிக்கு உரியது. அதே எண்ணில், Dynamic என்ற சொல் சேர்ந்த வரியும் இருக்கும். அது விண்டோஸ் நிறுவும் டிஸ்கைத் தயாரிப்பவர்களுக்கானது, நமக்கு வேண்டாம். இதைவிடப் பெரிய பொறி வேறொன்று: புதியது நல்லது என்று நினைத்து, 2025 அக்டோபருக்குப் பிந்தைய மாதத்து ஃபைலை எடுப்பது. அவை நீட்டித்த ஆதரவுக்குப் பதிவு செய்த கணினிகளுக்கானவை. பதிவு இல்லாத கணினியில் ஏறாது. நூற்றுக்கணக்கான எம்பி இறக்கிய நேரமும் டேட்டாவும் வீண். இறக்குமுன் மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்த KB எண்ணுக்கான விளக்கப் பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். மிகவும் பின்தங்கிய கணினிக்கு முன்னதாக வேறு ஒரு சிறிய அப்டேட் தேவைப்பட்டால் அங்கே எழுதியிருக்கும். இருந்தால் அதையும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

1909 காட்டும் இரண்டுக்கும் இந்த ஃபைல் பயன்படாது. அவற்றை முதலில் 22H2வுக்கு ஏற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் ஐஎஸ்ஓ ஃபைல் ஒன்றைத் தயாரித்துக் கொண்டுபோனால், அதை டபுள் கிளிக் செய்து உள்ளே உள்ள setup.exe ஃபைலை ஓட்டலாம். சொந்த ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வு வரும், அதையே எடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் முக்கியமான ஃபைல்களை முன்னதாக வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இந்த ஐஎஸ்ஓ பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டும். பென்டிரைவ் FAT32 முறையில் இருந்தால், எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும், ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று மறுத்துவிடும். முன்கூட்டியே exFAT அல்லது NTFS முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

இறக்கிய ஃபைல் முழுதாக வந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. அதன் பெயர் windows10.0-kb5066791-x64 என்று தொடங்கி, ஓர் அடிக்கோட்டுக்குப் பிறகு நாற்பது எழுத்தும் எண்ணுமாக நீளும். அந்த நாற்பதும்தான் ஃபைலின் SHA1 கைரேகை. ஃபைலுக்கு a.msu என்று சின்னப் பெயரில் ஒரு நகல் எடுத்து, கமாண்ட் பிராம்ப்டில் இதைத் தட்டுங்கள்:

```
certutil -hashfile D:\a.msu SHA1
```

திரையில் வரும் வரியும் பழைய பெயரில் இருக்கும் வரியும் ஒன்றாக இருந்தால் ஃபைல் நல்லது. ஓரெழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். பென்டிரைவில் ஏற்றிய பிறகு அங்கேயும் ஒருமுறை சரிபாருங்கள், விலை மலிந்த பென்டிரைவ்கள் அங்கேதான் கைவிடும். அந்த பென்டிரைவை வேறு எதற்கும் பயன்படுத்தவும் கூடாது. மையத்துப் பிள்ளைகளின் போட்டோவை அதில் வாங்கி வந்து வீட்டுக் கணினியில் செருகினால், மருந்து போன வழியிலேயே நோய் திரும்பும்.

இனி மையத்தில். முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினி எந்தக் காலத்துத் தேதியையோ காட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பது குழம்பி அப்டேட் நிற்கலாம். தேதியைத் திருத்திவிட்டு, ஃபைலை சி டிரைவுக்கு நகலெடுத்து, டபுள் கிளிக் செய்தால் போதும். எட்டுக் கணினியிலும் மவுஸோடு உட்கார முடியாதவர்கள், கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்து இப்படிச் செய்யலாம்:

```
wusa C:\a.msu /quiet /norestart
```

திரையில் எதுவும் தெரியாது, உள்ளே வேலை நடக்கும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மெதுவாகப் போகிறது என்று பவரை அணைத்துவிடாதீர்கள். யுபிஎஸ் இல்லாத மையம் என்றால் மின்தடை அறிவித்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து மறுபடி winver தட்டுங்கள். 19045.6456 என்று வந்தால் அந்தக் கணினி முடிந்தது. நோட்டில் தேதி போட்டுவிடலாம்.

"The update is not applicable to your computer" என்று வந்தால் கணினி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஃபைல் அந்தக் கணினிக்குரியது அல்ல, அல்லது ஏற்கெனவே ஏறிவிட்டது என்பதுதான் செய்தி. 32 பிட் கணினிக்கு 64 பிட் ஃபைல் கொண்டுபோனால் இதுதான் வரும். 0x800f0823 என்ற எண் வந்தால் முன்னதாகப் போட வேண்டிய அந்தச் சிறிய அப்டேட் விடுபட்டிருக்கிறது. ஏறிவிட்டது என்று கிளம்பிய பின், மறுநாள் பழைய எண்ணே காட்டினால், டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிள்ளைகள் எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்காக லேப்களில் இதைப் போட்டிருப்பார்கள். உங்கள் அப்டேட்டையும் அது அப்படியே துடைத்துவிடும். அதைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டுத்தான் அப்டேட் போட வேண்டும்.

விண்டோஸ் முடிந்ததும் வைரஸ் தடுப்பு. விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கான புதிய அடையாளப் பட்டியலை மைக்ரோசாஃப்ட் mpam-fe.exe என்ற ஒரே ஃபைலாகத் தருகிறது. விண்டோஸ் 10க்கு 2028 அக்டோபர் வரை இது தொடரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பட்டியல் தினமும் மாறுவதால், இதை மட்டும் கிளம்பும் நாளன்று இறக்குங்கள். ஓட்டினால் சாளரம் எதுவும் திறக்காது. ஏறிவிட்டதா என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள தேதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்ற மென்பொருள்களில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில். குரோம் தளத்தில் சாதாரணமாக இறங்கும் ஃபைல் சில எம்பிதான். அது மீதியை நெட்டிலிருந்து இழுக்கும் தூதுவன் மட்டுமே. நெட் இல்லாத மையத்தில் அது பாதியிலேயே நின்றுவிடும். முழு நிறுவல் ஃபைல் நூறு எம்பியைத் தாண்டும், அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். லிப்ரே ஆபிஸ் முழு ஃபைலாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் உதவிப் பக்கங்கள் வேறு ஃபைல். அதையும் எடுக்காவிட்டால் F1 அழுத்தும் பிள்ளைக்கு நெட்டைத் தேடும் வெற்றுப் பக்கம்தான் வரும். எதை எடுத்தாலும், ஊருக்குக் கிளம்புமுன் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு ஒரு கணினியில் நிறுவிப் பாருங்கள். அங்கே ஏறினால் மையத்திலும் ஏறும்.

இத்தனையும் செய்தபின் அந்த எட்டுக் கணினியும் 2025 அக்டோபர் 14 வரை கண்டுபிடித்துத் திருத்திய ஓட்டைகளிலிருந்து விடுபட்டிருக்கும். அதற்குப் பிறகு கண்டுபிடித்தவற்றுக்கு இந்த ஃபைலில் பதில் இல்லை; நீட்டித்த ஆதரவோ, விண்டோஸ் 11ஓ, லினக்ஸோ எது என்பதை மையம் நடத்துபவர்கள் முடிவு செய்தாக வேண்டும். அதுவரை கடைசி அப்டேட்கூட இல்லாமல் அவற்றை ஓட்டாதீர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மையத்துக்குப் போன் போட்டு, ஒவ்வொரு கணினியிலும் winver காட்டும் வரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.