ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ்

கரண்ட் போகும்போதைவிட, திரும்பி வரும் நொடியில்தான் ரூட்டருக்கு ஆபத்து அதிகம். அப்போது எகிறும் வோல்டேஜ் முதலில் அடாப்டரைத் தாக்கும். அடாப்டர் நலிந்தால் ரூட்டர் அடிக்கடி தானாக அணைந்து எழும்.

மினி யுபிஎஸ் வாங்குமுன் ரூட்டரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் யுபிஎஸ்ஸும் அதே 12 வோல்ட் தர வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் அது கருகிப்போகலாம்.

எவ்வளவு நேரம் தாங்கும்? 3.7 வோல்ட், 2000 மில்லியாம்பியர்-மணி செல்கள் மூன்று சேர்ந்தால் சுமார் 22 வாட்-மணி. இழப்பு போக 18 மிஞ்சும். 6 வாட் இழுக்கும் ரூட்டர் 3 மணி நேரம் ஓடும். ஃபைபர் மோடம் தனியாக இருந்தால் அதற்கும் பேட்டரி வேண்டும். இல்லையேல் வைஃபை தெரியும், இணையம் வராது.

இடி மின்னலின்போது யுபிஎஸ்ஸைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.