ஒரே கேபிளில் மின்சாரமும் படமும்: வீட்டுக்குள் பிஓஇ

பவர் ஓவர் ஈதர்நெட் என்பது லேன் கேபிள் வழியாகத் தகவலோடு மின்சாரத்தையும் அனுப்பும் முறை. சுருக்கமாக இதைப் பிஓஇ என்பார்கள். கண்காணிப்புக் கேமராவை வெளிச்சுவரில் மாட்ட வேண்டுமானால் பழைய முறையில் இரண்டு வேலைகள் உண்டு. படத்தைக் கொண்டுவர ஒரு கேபிள் இழுக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் 230 வோல்ட் பிளக் பாயின்ட் வைத்து, அதில் ஓர் அடாப்டரையும் செருக வேண்டும். பிஓஇ வந்தால் இரண்டாவது வேலை இல்லை. வீட்டுக்குள் ஓரிடத்தில் இருக்கும் பிஓஇ நெட்வொர்க் சுவிட்ச்சே மின்சாரத்தைத் தருகிறது.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டைத்தான் கருவிகள் தகவலாகப் படிக்கின்றன. மின்சாரமோ ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் சமமாகப் போகிறது, இன்னொரு ஜோடி வழியாகத் திரும்பி வருகிறது. ஜோடிக்குள் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு இருப்பதால் வேறுபாடு எதுவும் தோன்றாது. அதனால் மின்சாரம் தகவலைக் கெடுப்பதில்லை.

கேட்டுத் தரும் மின்சாரம்

கேபிளில் செல்வது சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம். தவறிப்போய் ஒரு மடிக்கணினியை அதே போர்ட்டில் செருகினால் கருகிவிடாதா என்ற கேள்வி இயல்பாக எழும். தரப்படி செய்த சுவிட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டை அனுப்புவதில்லை. முதலில் 10 வோல்ட்டுக்கு உட்பட்ட சிறு மின்னழுத்தத்தை விட்டு, மறுமுனையில் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கிறது. பிஓஇ கேமராவுக்குள் அந்த மின்தடை இருக்கும், மடிக்கணினியில் இருக்காது. இருந்தால் மட்டுமே அடுத்த கட்டம். மின்னழுத்தத்தை 15 முதல் 20 வோல்ட் வரை உயர்த்தி, எவ்வளவு மின்சாரம் தேவை என்பதைக் கருவியின் வகுப்பைக் கொண்டு தெரிந்துகொள்கிறது. பிறகுதான் முழு மின்னழுத்தம் போகிறது. கேபிளைப் பிடுங்கினால் மின்னோட்டம் நின்றதை உணர்ந்து அரை விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

இந்த ஒழுங்கை 2003இல் வந்த 802.3af தரம் வகுத்தது. அதன்படி ஒரு போர்ட் 15.4 வாட் தரும். நூறு மீட்டர் கேபிளில் இழப்பு போக, கருவிக்கு 12.95 வாட் உறுதி. 2009இல் வந்த 802.3at தரத்தில் இது 30 வாட்டாகவும், கருவிமுனையில் 25.5 வாட்டாகவும் உயர்ந்தது. ஒரே திசையைப் பார்க்கும் சாதாரண வீட்டுக் கேமராவுக்கு முதல் தரமே போதும். மோட்டார் கொண்டு சுழலும் கேமராக்களில் பலவற்றுக்கு இரண்டாவது தரம் வேண்டும்.

கடைகளில் ‘பேசிவ் பிஓஇ’ என்ற பெயரிலும் கருவிகள் கிடைக்கின்றன. இவை எதையும் கேட்பதில்லை. செருகியதும் 12 அல்லது 24 வோல்ட்டைக் கேபிளில் விட்டுவிடும். இதற்கெனச் செய்யாத கருவியை அதில் இணைத்தால் பழுதாகும் வாய்ப்பு உண்டு. பெட்டியின் மேல் 802.3af அல்லது 802.3at என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே இரண்டையும் பிரித்தறியும் வழி.

ஏன் 48 வோல்ட்?

பெரும்பாலான கேமராக்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அப்படியிருக்க 48 வோல்ட்டை அனுப்பி, கேமராவுக்குள் குறைத்துக்கொள்வதற்குக் காரணம் கம்பியின் மின்தடை. வீட்டின் முன்வாசல் கேமராவுக்கு 40 மீட்டர் கேட் 5இ கேபிள் போகிறது என்று கொள்வோம். போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று கணக்கிட்டால் மொத்த மின்தடை ஏறத்தாழ 3.4 ஓம். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா 6 வாட் எடுக்கிறது. 12 வோல்ட்டில் அனுப்பினால் கேபிளில் 0.6 ஆம்பியர் ஓட வேண்டும், வழியிலேயே 2 வோல்ட் கரைந்துபோகும், கேமராவைச் சேர்வது 10 வோல்ட்தான். பகலில் ஒழுங்காக ஓடிய கேமரா, இருட்டி விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து எரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 0.13 ஆம்பியர் அளவு ஓடினால் போதும். வழியில் இழப்பது அரை வோல்ட்டுக்கும் குறைவு. வீணாகும் மின்சாரம் முன்னதில் ஒரு வாட்டுக்கு மேல், பின்னதில் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு செம்புக் கம்பிக்கு மட்டுமே பொருந்தும். அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொடுத்து விற்கும் ‘சிசிஏ’ கேபிள் விலை குறைவு, ஆனால் மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு. வளைத்தால் எளிதில் முறியவும் செய்யும். கம்பியைக் கத்தியால் இலேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். பிஓஇக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு வீட்டின் கணக்கு

மாடி வீடு ஒன்றில் நான்கு கேமராக்களும் இரண்டு சிறு கன்ட்ரோலர்களும் வைக்கப் போகிறார்கள். ஒரு கன்ட்ரோலர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்து மோட்டாருக்குச் சைகை தரும். இன்னொன்று வெளிக் கேட்டைக் கவனிக்கும். கேமரா ஒவ்வொன்றும் இரவில் 7 வாட் என்றால் 28 வாட். கன்ட்ரோலர் ஒவ்வொன்றும் ஒன்றரை வாட் என்றால் 3 வாட். மொத்தம் 31 வாட்.

சுவிட்ச் வாங்கும்போது போர்ட்டுகளின் எண்ணிக்கையோடு, எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து அது தரக்கூடிய மொத்த வாட்டையும் பார்க்க வேண்டும். எட்டுப் போர்ட், 60 வாட் என்று போட்டிருந்தால் எட்டிலும் 15.4 வாட் கிடைக்காது. மேற்சொன்ன வீட்டுக்கு 60 வாட் தாராளம் போலத் தோன்றும். ஆனால் சில சுவிட்ச்கள் கருவி உண்மையில் எடுக்கும் அளவை விட்டுவிட்டு, அதன் வகுப்புக்கு உரிய உச்ச அளவை ஒதுக்கிவைக்கின்றன. நான்கு கேமராக்களும் 15.4 வாட் வகுப்பில் இருந்தால் அவற்றுக்கே 61.6 வாட் போய்விடும். கடைசிக் கேமரா கேபிள் சரியாக இருந்தும் உயிர் பெறாது. ஏற்கெனவே ஓடும் ஒரு கேமராவைக் கழற்றியதும் அது எழுந்தால், குறை கேபிளில் இல்லை, சுவிட்ச்சின் மொத்த வாட்டில் என்று அறியலாம். இந்த வீட்டுக்கு 90 வாட்டுக்கு மேற்பட்ட சுவிட்ச் பொருத்தம்.

மின்தடை ஏற்படும் ஊர்களில் பிஓஇயின் பெரிய பயன் இங்கேதான் தெரியும். நான்கு அடாப்டர்கள் நான்கு மூலைகளில் இருந்தால் நான்கையும் இன்வெர்ட்டர் இணைப்புக்குக் கொண்டுவர வேண்டும். பிஓஇயில் சுவிட்ச், ரவுட்டர், பதிவுப் பெட்டி மூன்றும் ஓரிடத்தில் இருக்கும். அந்த ஒரு பிளக் பாயின்ட்டை இன்வெர்ட்டரில் சேர்த்தால் கேமரா, கன்ட்ரோலர் அனைத்தும் ஓடும். உறைந்துபோன கேமராவை ஏணி வைத்து ஏறிக் கழற்றவும் வேண்டியதில்லை. நிர்வகிக்கத்தக்க சுவிட்ச்சாக இருந்தால் அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை மட்டும் கணினியிலிருந்தே நிறுத்தி மீண்டும் கொடுக்கலாம்.

கன்ட்ரோலர்களுக்கு உள்ள சிறப்புச் சிக்கல்கள்

சிறு கன்ட்ரோலர்கள் 5 அல்லது 3.3 வோல்ட்டில் இயங்குபவை. பிஓஇ வசதியோடு வரும் பலகைகள் உண்டு. அது இல்லாதவற்றுக்கு, கேபிளின் முனையில் தகவலையும் மின்சாரத்தையும் பிரித்து 5 அல்லது 12 வோல்ட் தரும் ஸ்ப்ளிட்டர் போதும்.

மின்சாரத்தை மிகக் குறைவாக எடுப்பதும் இங்கே ஒரு சிக்கல். கருவி சுமார் 10 மில்லி ஆம்பியராவது, அதாவது அரை வாட் அளவாவது எடுத்துக்கொண்டிருந்தால்தான் மறுமுனையில் ஆள் இருப்பதாகச் சுவிட்ச் கருதும். உறக்க நிலைக்குப் போகும் கன்ட்ரோலர் இதற்கும் கீழே இறங்கினால், கேபிளைப் பிடுங்கிவிட்டதாக நினைத்து மின்சாரத்தை நிறுத்திவிடும். சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுக்கும், மீண்டும் நிறுத்தும். பேட்டரிக்காக எழுதிய உறக்க நிரலைப் பிஓஇயில் எடுத்துவிடுவதே தீர்வு.

கேபிள் மின்சாரத்திலிருந்து பலகை மின்காப்புடன் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒலிமெக்ஸ் நிறுவனத்தின் ESP32-POE பலகையில் அந்தப் பிரிப்பு இல்லை. பிஓஇயில் ஓடும்போதே யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்தால் கணினிக்கே ஆபத்து. பிரிப்புள்ள வகை ESP32-POE-ISO என்ற பெயரில் தனியாக வருகிறது. கம்பிகளால் சென்சார்களையும் ரிலேக்களையும் இணைக்கும் வீட்டுக்கு அதுவே உகந்தது.

தண்ணீர் மோட்டாரைப் பிஓஇ ஓட்டாது. கன்ட்ரோலர் ரிலேயை இயக்கும், ரிலே கான்டாக்டரை இயக்கும், கான்டாக்டர்தான் மோட்டாருக்கு 230 வோல்ட்டைக் கொடுக்கும். அந்த வேலையை எலக்ட்ரீஷியன் செய்வதே முறை. லேன் கேபிளையும் 230 வோல்ட் கம்பிகளையும் ஒரே பைப்பில் இழுக்கவும் கூடாது.

மழையும் இடியும் மற்ற எல்லைகளும்

வெளியிலுள்ள இணைப்பில் ஈரம் புகுவதுதான் பிஓஇயில் அடிக்கடி வரும் பழுது. எந்நேரமும் நேர்மின்சாரம் இருப்பதால் நனைந்த ஊசிகள் விரைவாக அரிக்கப்படும். மழைக்குப் பின் கேமரா விட்டுவிட்டு வந்தால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஊசிகளில் பச்சை படிந்திருந்தால் இதுதான் காரணம். இணைப்பை நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குக் கீழே கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மொட்டை மாடிக்குப் போகும் நீண்ட கேபிள், அருகில் இடி விழும்போது மிகை மின்னழுத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். பிஓஇக்கென உள்ள சர்ஜ் தடுப்பானை முறையான எர்த்துடன் வைப்பது சேதத்தைக் குறைக்கும், முழுப் பாதுகாப்பு ஆகாது. தனித்தனி எர்த் உள்ள இரு கட்டடங்களுக்கு இடையே கண்ணாடி இழைக் கேபிள் இழுத்து, மறுபக்கத்தில் தனிச் சுவிட்ச் வைப்பதே நல்லது.

சுவிட்ச்சிலிருந்து கருவி வரை கேபிள் நூறு மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவிட்ச் பழுதானால் எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். வெளிச்சுவரில் இருக்கும் கேபிளைக் கழற்றி ஒருவர் தன் கணினியைச் செருகினால் வீட்டு வலையமைப்புக்குள் நுழைய முடியும். கேமராப் போர்ட்டுகளை மற்றவற்றிலிருந்து பிரித்துவைக்கும் வசதி சுவிட்ச்சில் இருந்தால் அதை இயக்கிவைக்க வேண்டும்.

புதிதாகக் கட்டும் வீட்டுக்கும், சுவரில் பைப் பதிக்க வாய்ப்புள்ள வீட்டுக்கும் பிஓஇயே சிறந்த தேர்வு. பிளக் பாயின்ட்டுக்கு ஓரடி தள்ளி ஒரே ஒரு கேமரா வைப்பவருக்கு அடாப்டர் போதும். மூன்று கருவிகளுக்கு மேல் என்றால் முழுச் செம்புக் கேபிளும், தரம் அச்சிட்ட சுவிட்ச்சும், தேவையைப்போல் இரு மடங்குக்கு மேல் மொத்த வாட்டும் பார்த்து வாங்குவது பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும்.