சீர்செய்ய 29,000, கைவிட 300

ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதைவிட, முறித்துவிட்டு நஷ்டஈடு கொடுப்பது லாபமென்றால் முறிக்கலாம். எதிர்த்தரப்புக்கும் இழப்பில்லையே என்பது ரிச்சர்ட் போஸ்னர் போன்றோரின் வாதம். அந்த இழப்பை யார் அளப்பது?

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பீவிஹவுஸ் தம்பதி 1954-இல் பண்ணை நிலத்தை நிலக்கரி தோண்டக் குத்தகைக்கு விட்டார்கள். தோண்டியபின் சீர்செய்து தரவேண்டும் என்று எழுதியே வாங்கினார்கள். கார்லண்ட் நிறுவனம் கரியை எடுத்துக்கொண்டு, நிலத்தை அப்படியே விட்டுப் போனது. சீர்செய்யச் சுமார் 29,000 டாலர் ஆகும். செய்தாலும் சந்தை விலை 300 டாலர்தான் கூடும். ஜூரி 5,000 கொடுத்தது. 1962-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை 300 ஆகக் குறைத்தது.

கணக்குப்படி சிக்கனம்தான். ஆனால் சந்தை விலை விற்பவருக்கான அளவுகோல், குடியிருப்பவருக்கு அல்ல. சீர்செய்தே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டிருந்தால், நிறுவனம் அவர்களோடு பேரம் பேசியிருக்கும். அவர்கள் பிடிவாதமாக அதிகம் கேட்டிருக்கலாம், உண்மைதான். 300-க்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.