அறைக்கு இரண்டு ஷாம்பு: விடுதிப் பொருட்களின் கையிருப்பும் கணக்கும்

விடுதி அறைகளில் விருந்தினருக்காக வைக்கப்படும் பொருட்கள் இரண்டு வகைப்படும். சோப்பு, ஷாம்பு, டென்டல் கிட், டீ பேக், காப்பித்தூள் சாஷே, பால்பொடி, சர்க்கரை போன்றவை பயன்படுத்தியதும் தீர்ந்துபோகும். கெட்டில், கப், தட்டு, ஹேங்கர் போன்றவை அறையிலேயே இருந்து பல மாதங்கள் உழைக்கும். முதல் வகையில் எத்தனை தீர்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும். இரண்டாம் வகையில் எத்தனை நாள் உழைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எந்தப் பொருளானாலும், அது எந்த அளவுக்குக் கீழே குறையக்கூடாது, எந்த அளவுக்கு மேலே சேரக்கூடாது என்று வகுத்துக்கொள்ளும் வரம்பையே விடுதித் தொழிலில் பார் அளவு என்கிறார்கள்.

மதுரை போன்ற ஊரில் 40 அறைகள் கொண்ட நடுத்தர விடுதி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சராசரியாக நூற்றுக்கு 70 அறைகள் நிரம்பினால் நாளொன்றுக்கு 28 அறைகளிலும், 30 நாள் மாதத்தில் 840 அறை-இரவுகளிலும் ஆள் தங்குகிறார்கள். அறைக்கு இரண்டு ஷாம்பு வைப்பது வழக்கம் என்பதால் மாதம் 1,680 வேண்டும் என்று தோன்றும். ஆனால் வைப்பதெல்லாம் தீர்வதில்லை. ஒருவர் மட்டும் தங்கிய அறையில் ஒன்று மிஞ்சும். சொந்த ஷாம்பு கொண்டுவந்தவர் இரண்டையும் தொடமாட்டார். ஆகவே முதலில் அறிய வேண்டியது, ஆள் தங்கிய ஓர் அறைக்கு உண்மையில் எத்தனை செலவாகிறது என்பது.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. மாதத் தொடக்கக் கையிருப்போடு அந்த மாதம் வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசியில் எண்ணிய கையிருப்பைக் கழித்தால் செலவு வரும். அதை அறை-இரவுகளால் வகுக்க வேண்டும். தொடக்கத்தில் 600 ஷாம்பு இருந்து, 1,200 வாங்கி, முடிவில் 540 மிஞ்சினால் செலவு 1,260. அதை 840 ஆல் வகுத்தால் அறைக்கு 1.5. எண்ணும்போது ஸ்டோரில் இருப்பதோடு மாடிகளின் பேன்ட்ரி அலமாரியிலும் டிராலியிலும் கிடப்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அதை விட்டுவிட்டால் அலமாரியில் தேங்கியிருப்பதெல்லாம் விருந்தினர் பயன்படுத்தியதாகக் கணக்கில் ஏறிவிடும்.

இந்த 1.5 கையில் வந்தபின் பார் அளவை வகுக்கலாம். சராசரி நாளில் 28 அறைக்கு 42 ஷாம்பு செலவாகும். ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர 7 நாள் ஆகிறது என்றும், சில முறை 3 நாள் தாமதமாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 10 நாளும் 40 அறைகளும் நிரம்பியிருந்தாலும் தட்டுப்பாடு வரக்கூடாது. 40 அறைக்கு நாளொன்றுக்கு 60 வீதம் 10 நாளுக்கு 600. இதுவே கீழ்வரம்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாங்குவதானால், 42 வீதம் 15 நாளுக்கு 630 சேர்த்து மேல்வரம்பு 1,230. கையிருப்பு 600-ஐத் தொட்டதும் ஆர்டர் கொடுக்க வேண்டும். எண்ணும்போது 560 இருந்தால் தேவை 670. நூறு கொண்ட பெட்டிகளாக வருவதால் ஏழு பெட்டி வாங்கலாம்.

மேல்வரம்பை மீறி வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பால்பொடி சாஷே ஈரக்காற்றில் கட்டிபிடிக்கும், டீ பேக் மணம் போகும், எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. முதலில் வந்த பெட்டியை முதலில் எடுக்கும் ஒழுங்கு இல்லாத ஸ்டோரில், மலிவாக வாங்கிய சரக்கின் அடிப்பெட்டிகள் கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

விலைக்கணக்கும் இதே வழியில்தான். ஷாம்பு 5 ரூபாய், சோப்பு 4 ரூபாய், டென்டல் கிட் 7 ரூபாய் என்று இரண்டிரண்டாக வைத்தால் 32 ரூபாய். டீ, காப்பி, பால்பொடி, சர்க்கரைக்கு 16 ரூபாய். ஆக, முழுதாக அடுக்கிய அறையில் 48 ரூபாய்ப் பொருள் இருக்கிறது. உண்மைச் செலவு அதைவிடக் குறைவு. ஷாம்பும் சோப்பும் 1.5 வீதம் 13.50 ரூபாய், கேட்டால் மட்டும் தரும் டென்டல் கிட் 0.6 வீதம் 4.20 ரூபாய், டீத் தட்டில் பத்தில் ஏழு பங்கு தீர்வதால் 11.20 ரூபாய். மொத்தம் 28.90 ரூபாய், மாதத்துக்கு ஏறத்தாழ 24,300 ரூபாய். அறை வாடகையை நிர்ணயிக்கும்போது இந்த உண்மைச் செலவைத்தான் சேர்க்க வேண்டும்.

அறைக்கான இந்த எண், தவறு எங்கே என்பதையும் காட்டிக்கொடுக்கும். அடுத்த மாதம் அறை-இரவுகள் 700 ஆகக் குறைந்தும் ஷாம்பு 1,330 செலவாகியிருந்தால், அறைக்கு 1.9. ஒரு முகூர்த்த மாதத்தில் இப்படி ஏறினால் காரணம் இயல்பானது: கல்யாண வீட்டார் ஓர் அறையில் மூன்று நான்கு பேர் தங்குவார்கள். அந்த மாதங்களில் அறையை எண்ணாமல் தலையை எண்ணிப் பார் அளவை உயர்த்த வேண்டும். கூட்டமே இல்லாத மாதத்தில் ஏறினால் வேறு காரணம் இருக்கிறது. பெரும்பாலும், பிரிக்காத ஷாம்பையும் எடுத்துவிட்டுப் புதிது வைக்கும் பழக்கம் இருக்கும். அல்லது ஸ்டோரிலிருந்து எழுதாமல் கொடுப்பது நடக்கும். மாடி வாரியாக ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் எந்தத் தளத்தில் எண் எகிறுகிறது என்பது தெரியும். அறைக்கு இரண்டுக்கு மேல் வைக்காத விடுதியில் எண் இரண்டைத் தாண்டினால், சரக்கு அறைக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது என்று பொருள்.

டப்பாக்களை விட்டுவிட்டுச் சுவரில் பொருத்தும் டிஸ்பென்சருக்கு மாறும் விடுதிகளுக்குக் கணக்கு மில்லிலிட்டரில் வரும். கலிபோர்னியாவில் 50 அறைக்கு மேற்பட்ட விடுதிகள் சிறு பிளாஸ்டிக் டப்பாக்களில் ஷாம்பு வைப்பதற்கு 2023 தொடக்கம் முதல் சட்டத்தடை உண்டு. டிஸ்பென்சர் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மிச்சத்தின் மேலேயே மறுபடி மறுபடி ஊற்றாமல், கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும்.

கெட்டிலுக்குப் பார் என்பது அறைக்கு ஒன்றும், பழுதுக்கு மாற்றாகச் சிலவும். 40 அறைக்கு 43 இருந்தால் போதும். வாங்கும்போது வாட் அளவைப் பார்ப்பது அவசியம். 230 வோல்ட்டில் 1,500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் சூடேறிக் கருகக்கூடும். 1,000 முதல் 1,200 வாட் வரையுள்ள, கொதித்ததும் தானே அணையும் கெட்டில் பொருந்தும். 1,200 ரூபாய் கெட்டில் இரண்டு ஆண்டு உழைத்தால், சுமார் 510 அறை-இரவுகளுக்குப் பகிர்ந்து இரவுக்கு ஏறத்தாழ 2.35 ரூபாய்தான் விழும். நாளுக்கு அரை லிட்டர் இருமுறை கொதிக்கவைக்க ஏறத்தாழ பத்தில் ஒரு யூனிட் மின்சாரம் ஆகும்.

உப்புத்தண்ணீர் ஊர்களில் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும். படிவு தடித்தால் கொதிக்க நேரமாகும், டீயில் செதில் மிதக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து கொதிக்கவைத்து, இருபது நிமிடம் விட்டு, இருமுறை கழுவினால் போகும். பாலோ நூடுல்ஸோ காய்ச்சிய கெட்டிலை வாடை கண்டுபிடித்துக் கொடுக்கும். அறையைச் சுத்தம் செய்பவர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது அதனால்தான்.

பார் அளவு ஒருமுறை எழுதி ஒட்டிவிடும் எண் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், சரக்குக் கொடுப்பவர் மாறும்போதும், சீசன் தொடங்கும் முன்பும் அறைச் செலவைப் புதிதாகக் கணக்கிட்டு இரண்டு வரம்புகளையும் திருத்த வேண்டும்.