சோற்றுத் தட்டின் கலோரிக் கணக்கு

உடல் எடையைக் குறைக்கும்படி கூறும் வைத்தியர், நாளொன்றுக்கு இத்தனை கலோரி என்று குறித்துக் கொடுத்து விடுகிறார். நமது சோற்றிலும் கறியிலும் அது எவ்வளவு என்பதை நாமே கணித்தாக வேண்டும்.

அதற்குரிய வாய்பாடு எளியது. மாச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. அமெரிக்க இரசாயனவியலாளர் அட்வாட்டரின் ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை.

அரிசிப் பொதியொன்றில், 100 கிராமில் மாச்சத்து 78, புரதம் 7, கொழுப்பு 1 கிராம் என்றிருப்பதாகக் கொள்வோம். 312, 28, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 349 கலோரி. இங்கேதான் பலர் தவறுகின்றனர். 200 கிராம் சோற்றை நிறுத்து, அதனை 698 கலோரி என எண்ணி அஞ்சுகின்றனர். பொதியிலுள்ள எண்களோ வேகாத அரிசிக்குரியவை. நீரை உறிஞ்சிய அரிசி எடையில் ஏறத்தாழ மும்மடங்காகிறது. எனவே 200 கிராம் சோறு சுமார் 70 கிராம் அரிசியே. அதாவது ஏறத்தாழ 245 கலோரி. அரிசியைச் சமைக்குமுன் நிறுப்பதே பிழையற்ற வழி.

கறியில் கணக்கு மறுபுறம் தவறுகிறது. 100 மில்லிலீற்றரில் 17 கிராம் கொழுப்புள்ள தேங்காய்ப்பால் தகரமொன்றை, 400 மில்லிலீற்றரையும், நால்வருக்கான பருப்புக் கறியில் ஊற்றினால், கொழுப்பு மட்டுமே 612 கலோரி தருகிறது. ஒருவர் பங்கு 153. அது தட்டிலே கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீரிழிவு உள்ளோர் கூட்டுத்தொகையுடன் நின்றுவிடலாகாது. இரத்தத்தில் சீனியை விரைந்து உயர்த்துவது மாச்சத்தே என்பதால், அதன் கிராம் அளவைத் தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும்.