உங்களுக்குத் தெரியுமா? ஒரே நீளம், ஸ்கேலில் இரண்டு

ஐசோமெட்ரிக் படத்தில் கூரைவீட்டின் முக்கோண முகப்பை வரையுங்கள். உச்சி நடுவில், இருபுறமும் கிடையாக 40 மி.மீ., உயரம் 30 மி.மீ. நிஜத்தில் இரண்டு சரிவும் சமம். படத்தில் ஸ்கேல் வைத்தால் ஒன்று ஏறக்குறைய 61 மி.மீ., மற்றது 36 மி.மீ. காட்டும்! இரண்டுமே தப்பு.

காரணம், இந்தப் படத்தில் மூன்று அச்சுகளுக்கு இணையான கோடுகள்தான் அளவு சொல்லும். நேரில் 90 பாகையாக இருக்கும் மூலை இங்கே 60 அல்லது 120 பாகையாகத் திரிகிறது. அதனால் சாய்ந்த கோடு ஒரு பக்கம் நீள்கிறது, மறுபக்கம் சுருங்குகிறது.

ஆகவே சாய்வை நேராக அளக்கவே கூடாது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அச்சுகளின் வழியாக மட்டும் நடந்து போங்கள்: கிடையாக 40, மேலே 30. பிறகு பித்தகோரஸ்: 1600 + 900 = 2500; வர்க்கமூலம் 50. அதுதான் உண்மை நீளம். விளிம்பு பின்பக்கமாகவும் 20 மி.மீ. விலகிச் சென்றால் இன்னொரு 400 சேரும். விடை சுமார் 53.9 மி.மீ.

ஒரு எச்சரிக்கை: படம் ஐசோமெட்ரிக் அளவுகோலில் வரையப்பட்டிருந்தால் அச்சுக் கோடுகளே சுமார் 0.816 மடங்காகக் குறுகியிருக்கும். முதலில் அவற்றை 0.816-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அளவு எழுதியிருந்தால் இந்தக் கவலையே இல்லை. எழுதிய எண்ணை நம்புங்கள், ஸ்கேலை அல்ல.